அழுத்தாத பொத்தான்

பல்கலைக்கழகத் துறைகளின் இணையப் பக்கங்களைப் பராமரிக்கும் பொறுப்பு, எழுதப்படாத ஒரு மரபின்படி, ஆய்வு மாணவர்களிடமே வந்து சேர்கிறது. வட இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வு செய்துவரும் எனக்கும் அப்படித்தான் வந்தது. ஈராண்டுகளாக அப்பக்கங்களைக் கவனித்து வருகையில் அறிந்துகொண்டவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். பக்கத்தின் அடியில் நாம் வைக்கும் ‘பகிர்க’, ‘விருப்பம்’ முதலிய பொத்தான்களும், ஓரத்தில் ஓடும் சமூக ஊடகப் பதிவுகளின் ஓடையும், எவரும் தொடாதபோதே என்ன செய்கின்றன என்பதுதான் அது. இதையும் ஒரு சமூக ஊடகத்தில்தான் எழுதுகிறேன் என்பதை அறிவேன். இங்கே வருகிறவர் தாம் எங்கே வருகிறோம் என்பதை அறிந்து வருகிறார். ஒரு துறையின் தேர்வு அட்டவணையைப் பார்க்கவரும் மாணவர், தம் வருகை வேறோர் இடத்திலும் பதிவாகும் என்று எண்ணி வருவதில்லை.

எங்கள் தளம், பல்கலைக்கழகம் முழுமைக்கும் பொதுவான ஒரு வார்ப்புருவில் அமைந்தது. அவ்வார்ப்புருவில் மூன்று உறுப்புகள் இருந்தன. முகப்பில் துறையின் பதிவுகளைக் காட்டும் ஓடை ஒன்று. எல்லாப் பக்கங்களின் அடியிலும் ஒரு சமூக வலைத்தளத்தின் விருப்பப் பொத்தான். அதற்குப் பக்கத்தில், பத்துப் பன்னிரண்டு ஊடகங்களுக்குப் பகிர வழிசெய்யும் பொத்தான் வரிசை. ‘எல்லாப் பக்கங்களின் அடியிலும்’ என்ற சொற்றொடரைக் கவனிக்க வேண்டுகிறேன். பாடத்திட்டம், கருத்தரங்க அறிவிப்பு ஆகியவற்றின் அடியில் அவை இருந்தன. மாணவர்களுக்கான மனநல ஆலோசனைப் பக்கத்தின் அடியிலும், பாலியல் துன்புறுத்தல் பற்றிய முறையீடுகளைப் பெறும் உள்ளகப் புகார்க் குழுவின் பக்கத்தின் அடியிலும் அதே பொத்தான்கள் இருந்தன. அப்பக்கங்களில் அவற்றை வைக்க வேண்டுமென்று எவரும் முடிவெடுக்கவில்லை. வார்ப்புரு ஒன்று என்பதால் அவை தாமாக அங்கே போய் அமர்ந்துவிட்டன.

எனக்கு முதலில் வந்த முறையீடு தனியுரிமை பற்றியதன்று, வேகம் பற்றியது. நூலகத்துக் கணினிகளில் துறையின் பக்கம் திறக்கவில்லை, இருபது விநாடிகளுக்கு மேல் வெள்ளைத் திரையாகவே நிற்கிறது என்று மாணவர்கள் கூறினர். அதே பக்கம் அவர்களுடைய கைப்பேசியில், கைப்பேசி நிறுவனத்தின் இணைய இணைப்பில், உடனே திறந்தது. பக்கமோ மிகச் சிறியது. எழுத்தும் இரண்டு படங்களும் மட்டுமே. எங்கள் வழங்கி நூலகத்திலிருந்து நானூறு மீட்டர் தொலைவில் உள்ள கட்டடத்தில் இருக்கிறது. அருகில் இருப்பவருக்குத் திறக்காத பக்கம் தொலைவில் இருப்பவருக்குத் திறக்கிறது என்றால், தாமதம் வேறெங்கோ இருக்க வேண்டும்.

உலாவியில் F12 விசையை அழுத்தி, Network என்ற பகுதியைத் திறந்துகொண்டு பக்கத்தை மீண்டும் ஏற்றினால், அப்பக்கத்திற்காக உலாவி எங்கெங்கே கோரிக்கை அனுப்புகிறது என்பது வரிவரியாகத் தெரியும். எங்கள் வழங்கிக்குச் சென்ற கோரிக்கைகள் ஒரு விநாடிக்குள் முடிந்திருந்தன. விருப்பப் பொத்தானுக்கான நிரலைக் கேட்டுச் சென்ற ஒரு வரி மட்டும் ‘காத்திருக்கிறது’ என்ற நிலையிலேயே நின்றது. பக்கத்தின் தலைப்பகுதியில் அந்த நிரல் இவ்வாறு எழுதப்பட்டிருந்தது; முகவரியை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

```html
<script src="https://widgets.social.example/sdk.js"></script>
```

உலாவி ஒரு பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வருகிறது. இப்படியொரு வரியைக் கண்டால் படிப்பதை நிறுத்திவிடும். அந்த நிரலைக் கொண்டுவந்து, இயக்கி முடித்த பிறகே அடுத்த வரிக்குச் செல்லும். அந்நிரல் பக்கத்தின் உள்ளடக்கத்தையே மாற்றி எழுதக்கூடும் என்பதால் உலாவிக்கு வேறு வழியில்லை. வளாகத்தின் தீயரணோ சமூக வலைத்தளங்களைத் தடுத்து வைத்திருந்தது. தடுப்பதில் இரண்டு முறைகள் உண்டு. ‘அனுமதியில்லை’ என்று உடனே மறுமொழி அனுப்பிவிடுவது ஒன்று. வந்த கோரிக்கையை ஓசையின்றி விழுங்கிவிடுவது மற்றொன்று. முதல் முறையில் உலாவி தோல்வியை உடனே உணர்ந்து மேலே செல்லும். இரண்டாவதில், மறுமொழி வரும் என்று நம்பி மீண்டும் மீண்டும் தட்டிப் பார்த்துவிட்டு, விண்டோஸ் கணினியில் இருபது விநாடிகளுக்கு மேல் கழித்தே கைவிடும். எங்கள் தீயரண் இரண்டாவது வகை. நானூறு மீட்டர் தொலைவில் உள்ள பக்கத்தை, எவரும் அழுத்தப்போகாத ஒரு பொத்தான் இருபது விநாடி மறித்து நின்றது.

தடை ஏதும் இல்லாத இணைப்பிலும் இந்தச் செலவு மறைந்துவிடுவதில்லை, குறைகிறது, அவ்வளவே. உலாவி இதுவரை பேசியிராத ஒரு வழங்கியை அணுக என்ன செய்ய வேண்டும் என்று எண்ணிப் பார்க்கலாம். அதன் பெயருக்குரிய ஐபி முகவரியைக் கேட்டறிய ஒருமுறை போய்வர வேண்டும். இணைப்பை ஏற்படுத்த இன்னொரு முறை. மறையாக்கத்துக்கான கைகுலுக்கலுக்கு, இன்றைய டிஎல்எஸ் 1.3 முறைப்படி, மேலும் ஒருமுறை. அதன் பிறகே உண்மையான கோரிக்கை. அதற்கு நான்காவது முறை. விடுதியின் மாலைநேர இணைப்பில் ஒருமுறை போய்வர 150 மில்லி விநாடி ஆகிறது என்று கொள்வோம். முதல் எழுத்து வந்துசேரும் முன்பே 600 மில்லி விநாடிகள் கழிந்துவிடும். விருப்பப் பொத்தான் ஒரு வழங்கியோடு முடிவதுமில்லை. ஃபேஸ்புக்கின் பொத்தானை எடுத்துக்கொண்டால் நிரல் connect.facebook.net என்ற இடத்திலிருந்து வந்தது. அந்த நிரல் இயங்கிய பின் www.facebook.com என்ற இடத்திலிருந்து பொத்தானுக்குரிய சட்டகத்தைக் கொண்டுவந்தது. அச்சட்டகத்துக்குத் தேவையான படங்களும் நிரல்களும் fbcdn.net என்ற பெயரில் முடியும் மூன்றாவது இடத்திலிருந்து வந்தன. ஒன்று முடிந்த பின்னரே அடுத்தது எது என்பது உலாவிக்குத் தெரியவரும் என்பதால் மூன்றின் காத்திருப்பும் கூடிக்கொண்டே போகும். மேற்சொன்ன கணக்கின்படி, வெறும் போக்குவரத்துக்கே 1.8 விநாடி. வந்த நிரலை விலை குறைந்த கைப்பேசியின் செயலி படித்து இயக்குவதற்கு ஆகும் நேரம் இதில் சேரவில்லை.

இங்கே ஒரு கணம் நின்று, அந்தக் கோரிக்கை எதைச் சுமந்துகொண்டு போகிறது என்று பார்க்க வேண்டும். கோரிக்கை என்பது ஒரு கடிதம் போன்றது. அனுப்புநர் முகவரியின்றி அது போவதில்லை. மறுமொழி வரவேண்டுமானால் ஐபி முகவரி இருந்தே ஆகவேண்டும். உலாவியின் பெயர், பதிப்பு, கருவியின் வகை ஆகியன தலைப்பில் செல்கின்றன. அந்த வலைத்தளம் முன்பு இதே உலாவியில் ஏதேனும் குக்கி வைத்திருந்தால், அதுவும் சேர்ந்து செல்லலாம். அக்குக்கி ஓர் உள்நுழைந்த கணக்குக்குரியதாக இருந்தால், கடிதத்தின் மேல் அனுப்புநரின் பெயரும் எழுதப்பட்டாயிற்று. எந்தப் பக்கத்திலிருந்து கோரிக்கை வந்தது என்ற விவரமும் உடன் செல்கிறது. 2020 முதல் க்ரோம் உலாவி, வேறு தளத்துக்கு அனுப்பும் கோரிக்கைகளில் பக்கத்தின் முழு முகவரியைக் கூறாமல் தளத்தின் பெயரை மட்டுமே கூறுகிறது. ஆனால் விருப்பப் பொத்தானின் அமைப்பிலேயே, ‘எந்தப் பக்கத்தை விரும்புவது’ என்று காட்டுவதற்காக அப்பக்கத்தின் முழு முகவரியும் எழுதப்பட்டிருக்கும். உலாவி மறைத்ததைப் பொத்தான் தானே சொல்லிவிடுகிறது. அதனினும் மேலாக, நிரலாக வரும் பொத்தான் நம் பக்கத்துக்குள்ளேயே, நம் சொந்த நிரலுக்குரிய அதே உரிமையுடன் இயங்குகிறது. பக்கத்தில் உள்ள எதையும் அதனால் படிக்க இயலும்.

ஆகவே, உள்ளகப் புகார்க் குழுவின் பக்கத்தை ஒரு மாணவி தன் கைப்பேசியில் திறக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் எதையும் அழுத்தவில்லை. புகாரும் எழுதவில்லை. யாரை அணுகுவது என்று மட்டும் படித்துவிட்டு மூடிவிடுகிறாள். அவளுடைய உலாவி மூன்றாமவர் குக்கிகளை அனுமதிப்பதாக இருந்து, அதே உலாவியில் அந்தச் சமூக வலைத்தளத்தில் அவள் உள்நுழைந்தும் இருந்தால், இன்ன பெயருடையவர் இன்ன நேரத்தில் இந்தப் பக்கத்தைத் திறந்தார் என்ற செய்தி அந்நிறுவனத்துக்குச் சென்றுவிட்டது. அந்நிறுவனம் அதை வைத்து என்ன செய்கிறது என்பது வேறு கேள்வி. செய்தி சென்றது என்பதும், அதை அனுப்பும்படி அவளுடைய உலாவிக்குக் கட்டளையிட்டது எங்கள் துறையின் பக்கம் என்பதும் ஐயத்துக்கு இடமில்லாதவை.

இது புதிதாகக் கண்டறியப்பட்டதுமன்று. ஃபேஸ்புக் தன் விருப்பப் பொத்தானைப் பிற தளங்களுக்கு 2010 ஏப்ரலில் வழங்கியது. அதே ஆண்டிலேயே அர்னால்ட் ரூசெண்டால் என்ற நெதர்லாந்து ஆய்வாளர், அப்பொத்தான் உறுப்பினர் அல்லாதவரையும் பின்தொடர வழிசெய்கிறது என்று எழுதினார். ஒருமுறை ஃபேஸ்புக்கின் பக்கம் ஒன்றைத் திறந்த, ஆனால் கணக்கில்லாத ஒருவரின் உலாவியில் datr என்ற பெயரில் ஈராண்டு ஆயுளுடைய குக்கி இடப்படுவது 2015இல் பெல்ஜியத்தில் வழக்கானது. பொத்தான் வரிசைகளின் கதையும் இத்தகையதே. பிரின்ஸ்டன், லூவன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2014இல் ஒரு இலட்சம் முன்னணித் தளங்களின் முகப்புப் பக்கங்களை ஆராய்ந்தனர். அவற்றுள் நூற்றுக்கு ஐந்துக்கும் மேற்பட்டவை, கண்ணுக்குத் தெரியாத ஒரு படத்தை உலாவியைக்கொண்டு வரையச்செய்து, அதன் நுண்ணிய வேறுபாடுகளால் கருவியை அடையாளம் காணும் நிரலைக் கொண்டிருந்தன. அந்நிரலின் பெரும்பகுதி AddThis என்ற பகிர்வுப் பொத்தான் சேவையிலிருந்து வந்ததாக அவர்கள் கண்டனர். பொத்தானை வைத்த தளங்களின் உரிமையாளர்களுள் பலருக்கு அது தெரியாது. அச்சேவை 2023 மே மாத இறுதியில் மூடப்பட்டது. அதைக் கேட்கும் வரிகள் பழைய வார்ப்புருக்களில் இன்றும் கிடக்கின்றன.

எங்கள் பக்கத்துக்குத் திரும்புகிறேன். நூலகத்தின் சிக்கலைத் தீர்க்க எளிய வழி ஒன்று உண்டு. இணையத்தில் தேடினால் முதலில் கிடைப்பதும் அதுதான். நிரலைக் கேட்கும் வரியில் async என்ற ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் போதும். நிரல் வரும்வரை காத்திராமல் உலாவி பக்கத்தைப் படித்து முடித்துவிடும். நிரல் வந்தபோது வரட்டும். பல்கலைக்கழகக் கணினி மையத்திலிருந்த நண்பர் இதைத்தான் பரிந்துரைத்தார். செய்து பார்த்தோம். நூலகத்தில் பக்கம் ஒரு விநாடிக்குள் திறந்தது. முறையீடுகள் நின்றன.

நான் இதை எழுதுவதற்குக் காரணமே இந்த இடம்தான். async என்ற சொல் காத்திருப்பை நீக்குகிறது, கோரிக்கையை நீக்குவதில்லை. முன்பு சென்ற அதே கடிதம், அதே பெயருடன், அதே முகவரிக்கு இப்போதும் செல்கிறது. முன்பு வாசகர் அது போய்வரும்வரை வாசலில் காத்திருந்தார். இப்போது அவர் உள்ளே அமர்ந்து படித்துக்கொண்டிருக்கையில் கடிதம் பின்வாசல் வழியாகப் போகிறது. சட்டகங்களுக்கு loading="lazy" என்று குறிப்பதும் இத்தகையதே. வாசகர் கீழே நகர்த்தி, பொத்தான் இருக்கும் இடத்தை நெருங்கும்வரை அது கோரிக்கையைத் தள்ளிப்போடும். கீழே வராதவரின் செய்தி போகாது என்பது உண்மையே. முழுவதும் படிப்பவரின் செய்தி போய்விடும். புகார்க் குழுவின் பக்கத்தை முழுவதும் படிப்பவர் யாராக இருப்பார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பக்கத்தின் வேகமும் வருகையாளரின் தனியுரிமையும் இரண்டு தனிச் சிக்கல்கள் என்றே நாம் வழக்கமாகப் பேசுகிறோம். இங்கே இரண்டுக்கும் மூலம் ஒன்றே: வேறொருவரின் வழங்கிக்குச் செல்லும் கோரிக்கை. அதன் ஒரு பக்கம் நேரம், மறுபக்கம் அடையாளம். கோரிக்கையே இல்லாமற் செய்தால் இரண்டும் தீரும். ஆனால் வேகத்தை மட்டும் சீர்செய்தால், வெளிப்படையாகத் தெரிந்த ஒரே அறிகுறியும் மறைந்துவிடுகிறது. எங்கள் நூலகத்தில் அந்த இருபது விநாடி வெள்ளைத் திரை இல்லாதிருந்தால் எவரும் F12 விசையை அழுத்தியிருக்க மாட்டார்கள். பக்கத்தின் வேகத்தை அளந்து மதிப்பெண் தரும் கருவிகள் இதைக் காட்டித் தருவதற்காக அமைந்தவையல்ல. பக்கம் எவ்வளவு விரைவில் தெரிந்தது, தெரிந்த பின் எவ்வளவு அசைந்தது என்பதே அவற்றின் முதன்மையான அக்கறை.

ஆகையால் சோதிக்கும் முறையும் வேறாக இருக்க வேண்டும். மறைநிலைச் சாளரம் ஒன்றைத் திறந்து, Network பகுதியில் 3rd-party requests என்ற பெட்டியைக் குறியிட்டு, பக்கத்தை ஏற்றி, எதையும் அழுத்தாமல் இறுதிவரை நகர்த்திப் பார்க்க வேண்டும். பட்டியலில் ஒரு வரியேனும் இருந்தால், அது இந்தப் பக்கத்தைத் திறந்தவரைப் பற்றி வேறொருவருக்குச் செல்லும் செய்தி. மறைநிலைச் சாளரத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. எங்கள் முகப்பிலிருந்த ஓடையில் துறையின் பதிவுகள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருப்பதாகத் துறைத்தலைவர் நம்பினார்; அவர் அந்த ஊடகத்தில் எப்போதும் உள்நுழைந்தே இருப்பவர். உள்நுழையாதவருக்கு அவ்விடத்தில் ஒரு வெற்றுப் பெட்டியே தெரிந்தது. 2023இன் நடுப்பகுதியில் ட்விட்டர், உள்நுழையாதவர்கள் பதிவுகளைப் பார்ப்பதைக் கட்டுப்படுத்திய காலத்திலிருந்து உலகெங்கும் பல தளங்களில் இப்படி வெற்றுப் பெட்டிகள் தோன்றியதுண்டு. பெட்டி வெறுமையாக இருந்தாலும் கோரிக்கை போய்க்கொண்டுதான் இருக்கும்.

நாங்கள் கடைசியில் செய்தது மிக எளியது. பொத்தான்களைச் சாதாரண இணைப்புகளாக மாற்றினோம். இணைப்பு என்பது வெறும் எழுத்து. அழுத்தும்வரை எங்கும் எதையும் அனுப்பாது.

```html
<a href="https://wa.me/?text=https%3A%2F%2Fdept.example%2Fadmission"
   rel="noreferrer">வாட்ஸ்அப்பில் பகிர்க</a>
```

பத்துப் பன்னிரண்டு ஊடகங்களுக்கு மாற்றாக, கைப்பேசியில் ஏற்கெனவே உள்ள பகிர்வுப் பலகையையே திறக்கும் ஒரு பொத்தானை வைத்தோம். அதற்குரிய நிரல் எங்கள் வழங்கியிலேயே share.js என்ற கோப்பில் இருக்கிறது.

```js
const b = document.getElementById("pakir");
if (!navigator.share) b.hidden = true;
b.addEventListener("click", () =>
  navigator.share({ title: document.title, url: location.href })
    .catch(() => {}));
```

இரண்டாவது வரி, இவ்வசதி இல்லாத உலாவிகளில் பொத்தானை மறைப்பதற்கானது. பகிர்வை இடையில் கைவிடுவோரால் பிழைச்செய்தி எழாதிருக்கவே கடைசி வரி. பக்கம் பாதுகாப்பான https இணைப்பில் இருந்தாலன்றி இது இயங்காது. ஓடைக்கு மாற்றாக, கடைசி ஐந்து அறிவிப்புகளைத் துறையின் அலுவலகம் முகப்பிலேயே எழுத்தாக இடுகிறது. அதன் கீழே ஊடகப் பக்கத்துக்கு ஓர் இணைப்பு. உட்பொதித்த சொற்பொழிவுக் காணொளிகளின் இடத்தில் எங்கள் வழங்கியிலிருந்து ஒரு நிலைப்படத்தை வைத்து, அதன்மேல் அழுத்தினால் மட்டுமே காணொளி வரும்படி செய்தோம். இந்த எண்ணமும் பழையதே. ஜெர்மனியின் ஹெய்ஸ பதிப்பகம் 2011இல் ‘இரண்டு அழுத்தல்’ முறையை வெளியிட்டது. முதல் அழுத்தலில் சாம்பல்நிறப் பொத்தான் உயிர்பெறும், இரண்டாவதில்தான் பகிரும். 2014இல் அதை ஷரிஃப் என்ற பெயரில் மேலும் எளிதாக்கி எல்லாருக்கும் வழங்கியது.

புகார்க் குழு, மனநல ஆலோசனை ஆகிய இரண்டு பக்கங்களுக்கும் மட்டும் மேலும் ஒன்று செய்தோம். வார்ப்புருவைப் பிறகொருவர் மாற்றி, பழைய பொத்தான் திரும்பி வந்துவிடாதிருக்க, வழங்கியே அனுப்பும் ஒரு கட்டளை அது.

```
Content-Security-Policy: default-src 'self'; frame-src 'none'
```

எங்கள் வழங்கியிலிருந்து வருவதைத் தவிர வேறு எந்த நிரலையும் படத்தையும் எழுத்துருவையும் ஏற்ற வேண்டாம், சட்டகம் எதையும் திறக்க வேண்டாம் என்று உலாவிக்கு இது கூறுகிறது. எவரேனும் மறதியாகப் பொத்தானை ஒட்டினாலும் உலாவி அந்தக் கோரிக்கையை அனுப்பாது. இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வழங்கியின் பதிவேட்டில் வருகையாளரின் ஐபி முகவரி எழுதப்படுவதை இது தடுக்காது. அது வேறு கணக்கு. அதை எத்தனை நாள் வைத்திருப்பது என்று நாங்களே முடிவுசெய்ய வேண்டியிருந்தது. இணைப்பை அழுத்தி வெளியே சென்றவர் சென்ற இடத்தின் விதிகளுக்கு உட்பட்டவரே. ஆனால் அவர் அறிந்து சென்றார்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. “பொத்தானில் எண்ணிக்கை தெரிந்தால்தானே நம் துறையை எத்தனை பேர் மதிக்கிறார்கள் என்று பார்ப்பவருக்குத் தெரியும்?” என்று துறைத்தலைவர் கேட்டார்.

“சார், சேர்க்கை அறிவிப்பின் கீழே பதினான்கு என்று இருக்கிறது. மூன்றாண்டாகப் பதினான்குதான்” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். எண்ணிக்கை காட்டுவது பயன் என்றாலும், அதுவும் நம் கையில் இல்லை. ட்விட்டர் தன் பகிர்வு எண்ணிக்கையை 2015 நவம்பரில் நிறுத்தியபோது உலகெங்கும் பொத்தான்களின் அருகிலிருந்த எண்கள் ஒரே நாளில் பொருளிழந்தன. எங்கள் மாணவர்கள் அறிவிப்புகளை உண்மையில் எப்படிப் பகிர்கிறார்கள் என்று கேட்டபோது, கிட்டத்தட்ட அனைவரும் முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப் குழுவில் ஒட்டுவதாகவே கூறினர். பொத்தானை நீக்கியதால் பகிர்வு குறைந்ததாக எவரும் வந்து சொல்லவில்லை.

துறைத்தலைவரை முழுமையாக இணங்கச்செய்தது எண்ணிக்கை பற்றிய பேச்சன்று, பொறுப்பு பற்றிய பேச்சு. ஃபேஷன் ஐடி என்ற ஜெர்மானியத் துணிக்கடை தன் தளத்தில் விருப்பப் பொத்தானை வைத்திருந்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2019 ஜூலையில், வருகையாளரின் தரவைத் திரட்டி அனுப்பும் செயலுக்கு அக்கடையும் ஃபேஸ்புக்குடன் சேர்ந்து பொறுப்பாளியே என்று தீர்ப்பளித்தது. வருகையாளர் பொத்தானை அழுத்தினாரா, அவருக்குக் கணக்கு உண்டா என்பவை அங்கே பொருட்படுத்தப்படவில்லை. ஃபேஸ்புக் அதன்பின் தரவை வைத்து என்ன செய்கிறது என்பதற்குக் கடை பொறுப்பாகாது என்றும் நீதிமன்றம் வரையறுத்தது. அத்தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது; ஆனால் பொத்தானை ஒட்டியவர் ‘நான் ஒட்டினேன், அவ்வளவுதான்’ என்று ஒதுங்க முடியாது என்ற தருக்கம் எங்கும் பொருந்தும். நம் நாட்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முதன்மையான கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வரும்வகையில் அமைந்துள்ளன. அச்சட்டத்தில் பதினெட்டு வயது நிறையாதவர் அனைவரும் குழந்தைகள். அவர்களைப் பின்தொடர்வதும் அவர்களுடைய நடத்தையைக் கண்காணிப்பதும் அங்கே விலக்கப்பட்டுள்ளன. கல்வி நிறுவனங்களுக்குத் தரப்பட்ட விலக்கோ, கல்விப் பணிக்கும் குழந்தைகளின் பாதுகாப்புக்கும் தேவையான அளவோடு நிற்கிறது. இளநிலைச் சேர்க்கைப் பக்கத்தைத் திறப்பவர்களுள் கணிசமானோர் பதினேழு வயதினர். ஒரு விருப்பப் பொத்தானை அந்த விலக்குக்குள் எப்படிப் பொருத்துவது என்று என்னால் கூற இயலவில்லை, துறைத்தலைவராலும் இயலவில்லை.

உலாவிகள் தாமே இதைத் தடுத்துவிடும் என்று காத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சஃபாரி 2020 முதல் மூன்றாமவர் குக்கிகளை இயல்பாகவே தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் அவற்றைத் தளத்துக்குத் தளம் பிரித்து வைக்கிறது. க்ரோம் அவற்றை நீக்கப்போவதாகப் பல ஆண்டுகள் சொல்லிவந்து, பின்னர் அத்திட்டத்தைக் கைவிட்டது. நம் மாணவர்களுள் பெரும்பாலோர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு கைப்பேசியும் அதில் க்ரோமும்தான். தவிரவும், குக்கி தடுக்கப்பட்டாலும் ஐபி முகவரியும் கருவியின் விவரமும் பக்கத்தின் முகவரியும் போகத்தான் செய்யும்.

எங்கள் துறையின் பக்கங்கள் இப்போது ஒழுங்காக உள்ளன. பல்கலைக்கழகத்தின் பொது வார்ப்புரு இன்னும் மாறவில்லை; பிற துறைகளின் பக்கங்களில் பொத்தான்கள் அப்படியே இருக்கின்றன. கணினி மையத்துக்கு எழுதிய குறிப்பில், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றும்படி நான் கேட்கவில்லை. மூன்று வகைப் பக்கங்களை முதலில் எடுத்துக்கொள்ளும்படி கேட்டிருக்கிறேன்: புகார்க் குழு, உடல்நலம் மற்றும் மனநல ஆலோசனை, மாற்றுத்திறனாளிகளுக்கும் உதவித்தொகை கோருவோருக்குமான பக்கங்கள். ஒருவர் அப்பக்கத்தைத் திறந்தார் என்ற செய்தியே அவரைப் பற்றி ஏதேனும் சொல்லிவிடும் இடங்கள் இவை. இதைப் படிக்கும் ஆய்வாளர்களும் ஆசிரியர்களும் தத்தம் நிறுவனத்தில் இம்மூன்று பக்கங்களை மட்டுமாவது மறைநிலைச் சாளரத்தில் திறந்து, மேலே சொன்ன பட்டியலைப் பார்க்க வேண்டுகிறேன். ஐந்து நிமிட வேலை. பட்டியலில் வரிகள் இருந்தால் திரையைப் படமெடுத்து, பக்கத்தின் முகவரியுடன் கணினி மையத்துக்கு அனுப்புங்கள். ‘பக்கம் மெதுவாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதாதீர்கள். Async என்ற ஒரு சொல்லோடு வேலை முடிந்துவிடும். எந்தப் பெயர்கள் பட்டியலில் இருக்கின்றன என்பதை எழுதி, அவை இல்லாத பட்டியலைத் திருப்பிக் கேளுங்கள்.